இன்ஸ்டாகிராம் படைப்பாளருக்கு அனுப்பும் கூட்டு முன்மொழிவு: பணி, கட்டணம், பயன்பாட்டு உரிமை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் செய்தியிலேயே தொகையைச் சொல்லிவிட்டால் பேரம் பேச இடமில்லாமல் போய்விடாதா?

போகாது. பேரம் எதைப் பற்றியது என்பது அப்போதுதான் இரு தரப்புக்கும் தெளிவாகிறது. பத்தாயிரம், இருபதாயிரம் ஃபாலோயர்கள் கொண்ட ஒரு படைப்பாளருக்கு "சிஸ்டர், கொலாப் பண்ணலாமா?" என்ற ஒற்றை வரிச் செய்திகள் நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இலவசப் பொருளோடு முடிந்துவிடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே அவர் பதில் போடாமல் இருப்பதை அலட்சியம் என்று நினைக்க வேண்டியதில்லை. என்ன வேலை, எவ்வளவு பணம், வீடியோவை நாம் எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்துவோம் என்ற மூன்றும் முதல் கடிதத்திலேயே இருந்தால், அவர் ஒரே வாசிப்பில் முடிவெடுக்க முடியும். தொகை குறைவு என்று அவர் கருதினால், பணிகளில் ஒன்றைக் குறைக்கவோ உரிமையின் காலத்தைச் சுருக்கவோ கேட்கலாம். ஒரே மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு இழுபறி செய்வதைவிட அது நல்ல பேரம்.

இப்பக்கத்தில் எல்லா விடைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறோம். ஈரோட்டுப் பகுதியில் மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு சிறு நிறுவனம், கோவையில் இருந்துகொண்டு கொங்கு நாட்டுச் சமையலைக் காட்டும், 18,000 ஃபாலோயர்கள் கொண்ட ஒரு பெண் படைப்பாளருக்கு முன்மொழிவு அனுப்புகிறது. இதில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. சந்தை விலையாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

அனுப்ப வேண்டிய கடிதம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?

கீழே உள்ளது ஒரு முழு மாதிரி. இதை மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. இன்ஸ்டாகிராம் செய்தியில் "விரிவான முன்மொழிவை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

> வணக்கம்.
>
> நாங்கள் ஈரோட்டுக்கு அருகே மரச்செக்கில் கடலை எண்ணெய் தயாரிக்கிறோம். தங்கள் பக்கத்தில் வந்த அரிசி பருப்பு சாதம், கொள்ளு ரசம் ஆகிய வீடியோக்களைப் பார்த்தோம். அன்றாடச் சமையலைச் சுருக்கமாகவும் நிதானமாகவும் காட்டும் தங்கள் முறை எங்கள் பொருளுக்குப் பொருந்தும் என்று கருதி இந்த முன்மொழிவை அனுப்புகிறோம்.
>
> தங்களிடம் நாங்கள் கேட்கும் பணி: எங்கள் எண்ணெயைக் கொண்டு சமைக்கும் ஒரு ரீல், 40 முதல் 50 விநாடி வரை, தமிழில், தங்கள் குரலில். அது வெளியான நாளில் மூன்று ஸ்டோரிகள். அவற்றில் ஒன்றில் எங்கள் வலைத்தள இணைப்பு. ரீல் தங்கள் பக்கத்தில் குறைந்தது 12 மாதங்கள் இருக்க வேண்டும். என்ன சமைப்பது என்பது தங்கள் விருப்பம்.
>
> பணிக்கான கட்டணம் 12,000 ரூபாய். ரீலை எங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களிலும் வலைத்தளத்திலும் 6 மாதங்கள் கட்டண விளம்பரமின்றிப் பகிரும் அனுமதி இதில் அடங்கும்.
>
> ரீலை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் 60 நாட்கள் கட்டண விளம்பரமாக ஓட்டுவதற்குத் தனியாக 4,000 ரூபாய். ரீல் வெளியாகும் நாளிலிருந்து 30 நாட்களுக்கு வேறு சமையல் எண்ணெய் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்யாமல் இருப்பதற்கு 2,000 ரூபாய். ஆக மொத்தம் 18,000 ரூபாய். பின்னைய இரண்டில் எதுவும் வேண்டாம் என்று தாங்கள் கருதினால் அதை மட்டும் நீக்கிக்கொள்ளலாம்.
>
> தாங்கள் ஒப்புதல் தந்ததும் பாதித் தொகையும் இரண்டு லிட்டர் எண்ணெயும் அனுப்புவோம். எண்ணெய் கிடைத்த 10 நாட்களுக்குள் வரைவு வீடியோவை அனுப்பினால், இரண்டு வேலை நாட்களில் எங்கள் கருத்தைச் சொல்வோம். ரீல் வெளியான 7 நாட்களுக்குள் மீதித் தொகை தங்கள் கணக்கில் சேரும்.
>
> இது கட்டண விளம்பரம் என்பது ரீலிலும் ஸ்டோரிகளிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். எண்ணெய் பிடிக்கவில்லை என்றால் படப்பிடிப்புக்கு முன் சொல்லிவிடுங்கள். அத்தோடு விட்டுவிடலாம், முன்பணத்தை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும்.
>
> இந்த விவரங்கள் ஏற்புடையவை என்றால் அல்லது மாற்றம் வேண்டுமென்றால், இம்மின்னஞ்சலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

"பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்" என்ற வரியைச் சேர்க்கப் பலர் தயங்குகிறார்கள். பிடிக்காத எண்ணெயைப் புகழ்ந்து எடுத்த வீடியோவின் தயக்கம் திரையில் தெரிந்துவிடும் என்பதால், அந்த வரி நமக்கே பாதுகாப்பு.

"ஒரு ரீல், மூன்று ஸ்டோரி" என்று எழுதினால் போதாதா? ஏன் இவ்வளவு விவரம்?

எண்ணிக்கையை மட்டும் எழுதினால் வேலை முடிந்ததா இல்லையா என்று இருவரும் இருவிதமாகச் சொல்ல இடம் இருக்கிறது. 15 விநாடி ரீலும் ரீல்தான், 90 விநாடி ரீலும் ரீல்தான். முதலாவதில் எண்ணெய்ப் புட்டி ஓரமாக ஒரு நொடி தெரிந்து மறையலாம். ஆகவே நீளம், மொழி, குரல், பொருள் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்ற நான்கையும் எழுதுவது அவசியம். எங்கள் எடுத்துக்காட்டில் "எண்ணெயை ஊற்றித் தாளிக்கும் காட்சி ஒன்றும், புட்டியின் முகப்பு தெளிவாகத் தெரியும் காட்சி ஒன்றும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு மேல் காட்சி காட்சியாக எழுதிக் கொடுத்தால், அவருடைய பார்வையாளர்களுக்குப் பழகிய நடை போய், தொலைக்காட்சி விளம்பரத்தின் மலிவான பிரதியைப் போன்ற ஒன்றுதான் கைக்கு வரும்.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் அதன் புள்ளிவிவரத்தைப் பிறகு கேட்டுப் பெறுவது சிரமம். எத்தனை பேர் பார்த்தார்கள், இணைப்பை எத்தனை பேர் தட்டினார்கள் என்ற திரைப்பிடிப்பை மறுநாளே அனுப்புவதையும் பணிகளில் ஒன்றாக எழுதுங்கள். ரீலுக்கு ஏழாம் நாளில் ஒரு முறையும் முப்பதாம் நாளில் ஒரு முறையும் கேட்கலாம்.

ரீலைக் கூட்டுப் பதிவாக, அதாவது நம் பக்கத்தையும் இணை ஆசிரியராகச் சேர்த்து வெளியிட வேண்டுமா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். அப்படி வெளியிட்டால் ஒரே பதிவு இரு பக்கங்களிலும் தோன்றும். ஆனால் பதிவு அவருடையது. அவர் நீக்கினால் நம் பக்கத்திலிருந்தும் போய்விடும். "குறைந்தது 12 மாதங்கள்" என்ற வரி கடிதத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தனியாகப் பகிர்வதற்குத் திரையில் எழுத்து எதுவும் பதிக்காத மூலக் கோப்பு ஒன்று வேண்டுமென்றால் அதையும் முன்பே கேட்டுவிட வேண்டும். பதிவு வெளியான பின்பு கேட்டால் அது கூடுதல் வேலை.

கட்டணத்தை எதை வைத்துக் கணக்கிடுவது? ஃபாலோயருக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு விகிதம் உண்டா?

அப்படி ஒரு விகிதம் பேச்சில் அடிபடுகிறது. நம்பத் தகுந்ததாக ஒன்றும் இல்லை. ஃபாலோயர் எண்ணிக்கையைவிட, அண்மையில் வந்த பன்னிரண்டு ரீல்களின் பார்வைகளைத் தாளில் எழுதி, ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் இருப்பதைப் பார்ப்பது பயனுள்ளது. சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம். பதினொரு ரீல்கள் ஆறாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில் இருந்து, ஒன்று மட்டும் இரண்டு லட்சத்தைத் தொட்டிருந்தால், சராசரி இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். நமக்கு வரப்போகும் ரீல் பெரும்பாலும் அந்தப் பதினொன்றைப் போலத்தான் இருக்கும்.

அடுத்து, பார்வையாளர்கள் எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்ற பகுதியின் திரைப்பிடிப்பைக் கேளுங்கள். இன்ஸ்டாகிராம் அதைப் படைப்பாளருக்குக் காட்டுகிறது. சமையல் பக்கங்களுக்கு மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் தமிழ்ப் பார்வையாளர்கள் பலர் இருப்பதுண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் கூரியரில் எண்ணெய் அனுப்பும் நிறுவனத்துக்கு அந்தப் பார்வைகளால் விற்பனை இல்லை.

இதற்குப் பிறகு அவர் பக்கத்துக் கணக்கு வருகிறது. ஒரு ரீலுக்குச் சமையல் பொருட்கள், ஒரு நாள் படப்பிடிப்பு, அரை நாள் தொகுப்பு, குரல் பதிவு, திருத்தம் என்று ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு போகிறது. அந்த உழைப்போடு, அவர் சொல்லைக் கேட்கும் பார்வையாளர்களை நமக்குத் திறந்துவிடுவதற்கான மதிப்பும் சேர்ந்ததுதான் கட்டணம்.

நம் பக்கத்துக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டரில் 60 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், 18,000 ரூபாயைத் திரும்ப எடுக்க 300 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். ஏழெட்டாயிரம் பேர் பார்க்கும் ஒரே ரீலால் அது நடக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அந்த வீடியோவை அடுத்த சில மாதங்களுக்கு நம் விளம்பரங்களிலும் வலைத்தளத்திலும் உழைக்க வைக்க முடிந்தால்தான் கணக்கு சரியாக வாய்ப்பிருக்கிறது. ஆகவே கடிதத்தின் எடை மிகுந்த பகுதி பயன்பாட்டு உரிமைதான். நடைமுறையிலோ பலரும் அதைத்தான் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்.

பணம் கொடுத்து நாங்கள்தானே எடுக்கச் சொல்கிறோம்? வீடியோ எங்களுக்குச் சொந்தமில்லையா?

இந்தியாவில் இதற்கான விடை, இரு தரப்பும் நினைத்துக்கொண்டிருப்பதைவிடச் சிக்கலானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், படைப்பின் முதல் உரிமையாளர் அதன் ஆசிரியரே என்பது பொது விதி. ஆனால் 17-ஆம் பிரிவு அதற்குச் சில விலக்குகளை வைத்திருக்கிறது. ஒருவரின் கோரிக்கையின் பேரில், மதிப்புள்ள கைம்மாறு பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட புகைப்படமோ திரைப்படமோ, மாறான உடன்பாடு இல்லாதபோது, கோரியவருக்கே முதலில் உரியது என்பது அவற்றில் ஒன்று. இச்சட்டத்தில் "திரைப்படம்" என்பது காட்சிப் பதிவுகளையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே, எதுவும் எழுதப்படாத நிலையில், பணம் கொடுத்த நிறுவனம் "வீடியோ எங்களுடையது" என்று வாதிட இடம் இருக்கிறது. "அவர்கள் கேட்டது என் பக்கத்தில் ஒரு விளம்பரப் பதிவு, வீடியோ என் கற்பனையில் உருவான என் படைப்பு" என்று படைப்பாளர் மறுக்கவும் இடம் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய் வேலைக்காக இந்த வாதத்தை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள யாரும் போகப் போவதில்லை. "வீடியோவின் பதிப்புரிமை தங்களுடையது, கீழ்க்கண்ட பயன்பாடுகளுக்கு எங்களுக்கு அனுமதி தருகிறீர்கள்" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் கேள்வியே எழாது.

உரிமை முழுவதையும் நாமே வாங்கிக்கொள்ளலாமே என்றால், வாங்கலாம். அதற்கான விலை வேறு. மேலும் அது நாம் எதிர்பார்ப்பதைத் தராது. வீடியோவின் பதிப்புரிமை நம்மிடம் இருந்தாலும், அதில் தெரிவது அவருடைய முகமும் குரலும் பெயரும். அவர் முகத்தை வெட்டி எடுத்து எண்ணெய்த் தகரத்தின் மேல் அச்சிடுவதையோ, கடை வாசலில் பதாகையாகக் கட்டுவதையோ அந்தப் பதிப்புரிமை தானாக அனுமதித்துவிடாது. அது தனி அனுமதி. தனியாகக் கேட்டு, தனியாக எழுத வேண்டியது. மைக்ரோ-இன்ஃப்ளுயன்சருடன் செய்துகொள்ளும் சிறு உடன்பாட்டில், உரிமையை அவரிடமே விட்டுவிட்டு நமக்கு வேண்டிய பயன்பாட்டை மட்டும் தெளிவாக வாங்கிக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

"எங்கும், எப்போதும் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டால் எளிதாக முடிந்துவிடாதா?

அந்த வரியைக் கண்டதும் விவரம் தெரிந்த படைப்பாளர் விலையை ஏற்றுவார், அல்லது விலகிவிடுவார். விவரம் தெரியாதவர் ஒப்புக்கொண்டாலும், ஓராண்டு கழித்துத் தன் முகத்தை எங்கோ விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் பொதுவெளியில் எழுதும்போது, நம் பக்கம் சட்டம் இருந்தாலும் வாடிக்கையாளரின் பரிவு இருக்காது.

மாறாக, காலத்தையும் இடத்தையும் எழுதாமல் விட்டால் சட்டமே இட்டு நிரப்புகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். அனுமதி தரும் உரிமங்களுக்கும் இவ்விதிகளைத் தேவையான மாற்றங்களுடன் பொருத்த வேண்டும் என்கிறது 30ஏ பிரிவு. ஒரு ரீலுக்கு ஐந்தாண்டு என்பது படைப்பாளர் கனவிலும் நினைக்காத நீளம். இந்தியாவுக்குள் என்பதோ, சிங்கப்பூருக்கு எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்குப் போதாது. இருவருக்கும் வேண்டாத ஒன்றைச் சட்டம் தருவதைவிட, வேண்டியதை நாமே எழுதிக்கொள்வது மேல்.

எழுதும்போது ஒரே சொல்லில் அடக்காமல் பயன்பாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, நம் சொந்தப் பக்கங்களிலும் வலைத்தளத்திலும் பணம் செலுத்தாமல் பகிர்வது. இரண்டாவது, பணம் செலுத்தி விளம்பரமாக ஓட்டுவது. மூன்றாவது, அச்சு, பதாகை, பொட்டலம், தொலைக்காட்சி, இணைய அங்காடிகளின் பொருள் பக்கம் போன்றவை. எங்கள் மாதிரிக் கடிதத்தில் முதல் இரண்டு மட்டுமே உள்ளன. மூன்றாவதைக் குறிப்பிடாமல் விட்டதால் அது கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. "இங்கு குறிப்பிடாத பயன்பாடுகளுக்குத் தனி ஒப்புதல் பெறுவோம்" என்று முடித்தால் அதுவும் தெளிவாகிவிடும்.

காலம் முடிந்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தை நிறுத்துவது எளிது. ஆனால் ஆறு மாதங்களுக்கு முன்பு நம் பக்கத்தில் பகிர்ந்த பதிவைத் தேடி நீக்க வேண்டுமா? "ஏற்கெனவே வெளியான பதிவுகள் அப்படியே இருக்கலாம், புதிதாகப் பகிரக் கூடாது" என்பது பெரும்பாலும் இருவருக்கும் ஒத்துவரும். வீடியோவை எந்த அளவுக்கு வெட்டலாம் என்பதும் இத்துடன் சேர்ந்ததே. நீளத்தைக் குறைக்கலாம், எழுத்து சேர்க்கலாம். அவர் சொன்ன வாக்கியத்தின் பொருள் மாறும்படி வெட்டக் கூடாது என்று எழுதலாம்.

ரீல் எப்படியும் பொதுவில் இருக்கிறது. அதை விளம்பரமாக ஓட்ட எதற்குத் தனிக் கட்டணம்?

ஏழாயிரம் பேர் பார்க்க வேண்டிய முகத்தை, நாம் செலவிடும் பணத்தைப் பொறுத்து, லட்சம் பேருக்கும் மேல் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறார்கள். அந்த இரண்டு மாதங்களில் வேறொரு எண்ணெய் நிறுவனம் அவரை அணுகாமல் போகவும் வாய்ப்புண்டு. அதற்கான ஈடுதான் இந்தத் தொகை.

விளம்பரத்தை எந்தப் பெயரில் ஓட்டுகிறோம் என்பதும் விலையை மாற்றும். நம் பக்கத்தின் பெயரில் ஓட்டினால் கருத்துகளும் புகார்களும் நமக்கு வரும். படைப்பாளரின் பெயரும் சேர்ந்து தெரியும்படி, மெட்டா நிறுவனத்தின் கூட்டு விளம்பர வசதி மூலம் ஓட்டினால், பார்ப்பவருக்கு அது அவர் சொல்வதாகவே தெரிகிறது. அதனால் அதன் மேல் நம்பிக்கை கூடுதல். தாமதமான கூரியருக்கான வசவும் அவர் பெயருக்கு அடியில்தான் வந்து விழும். இந்த வகைக்குச் செயலியில் அவர் அனுமதி தர வேண்டும். ஒப்பந்தத்தில் "60 நாட்கள்" என்று எழுதிவிட்டு, அனுமதியைப் பெறாமல் இருந்து, நாற்பதாம் நாளில் தேடுபவர்கள் உண்டு. 60 நாட்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பதை எழுதுங்கள். "விளம்பரம் முதலில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, ஆனால் ரீல் வெளியான 30 நாட்களுக்குள் தொடங்க வேண்டும்" என்பது நியாயமான வரி.

ரீலில் இப்போது பிரபலமாக இருக்கும் சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்களே?

பார்க்கலாம். ஆனால் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கிய விளம்பர உரிமை அந்தப் பாட்டால் பயனற்றுப் போகலாம். இன்ஸ்டாகிராம் நூலகத்தில் உள்ள திரைப் பாடல்கள் தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு உரியவை. படைப்பாளர் தம் வீடியோவுக்கு நமக்கு அனுமதி தர முடியும். இசை நிறுவனத்தின் பாட்டுக்கு அவரால் அனுமதி தர முடியாது. அப்படிப்பட்ட ரீலை விளம்பரமாக ஓட்ட முயன்றால் செயலியே மறுக்கும், அல்லது ஒலி நீக்கப்படும், அல்லது இசை நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வரும். "அவர் குரலும் சமையல் ஒலியும் மட்டும், இசை வேண்டுமென்றால் மெட்டாவின் இலவச ஒலித் தொகுப்பிலிருந்து" என்று பணிக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். கடுகு வெடிக்கும் ஓசை சமையல் ரீலுக்குப் போதுமான இசை என்பது எங்கள் தனிப்பட்ட கருத்து.

"விளம்பரம்" என்று போட்டால் பார்ப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். அதை விட்டுவிடலாமா?

விட முடியாது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இன்ஃப்ளுயன்சர் விளம்பரங்களுக்கென்று நெறிமுறைகளை வெளியிட்டது. வீடியோ 15 விநாடிக்குள் இருந்தால் அறிவிப்பு குறைந்தது 3 விநாடிகள் திரையில் இருக்க வேண்டும். 15 விநாடியிலிருந்து இரண்டு நிமிடம் வரை என்றால் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு நேரம். நம் ரீல் 45 விநாடி என்றால், "விளம்பரம்" என்ற சொல் 15 விநாடிகள் தெரிய வேண்டும். விளம்பரத்தின் மொழியிலேயே அறிவிப்பைத் தரலாம் என்பதால் தமிழில் போடுவதற்குத் தடையில்லை. இத்துடன் செயலியில் உள்ள `Paid partnership` குறியையும் இயக்குவது நல்லது. பதிவின் அடியில் இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் ஒளித்து வைப்பது அறிவிப்பாகாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் நேர்ந்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைப்பவரும் இதில் அடங்குவார். அவர் ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடை விதிக்கவும் இடமுண்டு. ஆகவே "கொழுப்பைக் கரைக்கும்", "சர்க்கரை நோய்க்கு நல்லது" போன்ற வாக்கியங்களை அவர் வாயில் வைப்பது அவரையும் ஆபத்தில் தள்ளுவதாகும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற குறிப்பை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "மரச்செக்கில் ஆட்டியது" என்பது உண்மை நிலை. "கலப்படமே இல்லை" என்பதற்கு ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

பணத்துக்குப் பதிலாக எண்ணெய் மட்டும் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்களா?

சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இரண்டு லிட்டர் எண்ணெய்க்கு நாள் குறித்து, நீளம் குறித்து, விளம்பர உரிமையும் கேட்க முடியாது. பொருளை மட்டும் அனுப்பினால், "விரும்பினால் பகிருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை. அப்போதும் இலவசமாகப் பெற்றது என்பதை அவர் அறிவிக்க வேண்டும்.

வரைவைப் பார்த்த பின் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்?

ஒரு முறை என்று எழுதுவது நியாயம். பொருளின் பெயர், விலை, தகவல் தவறாக இருந்தால் அந்தத் திருத்தம் கணக்கில் சேராது. முதலில் வெள்ளை வாணலி போதும் என்று சொல்லிவிட்டு, வரைவைப் பார்த்த பின் மண்சட்டியில் வேண்டும் என்றால், அது மறு படப்பிடிப்பு. அதற்குத் தனித் தொகை. இரண்டு வேலை நாட்களில் நாம் பதில் சொல்லாவிட்டால் வரைவு ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்ற வரியைப் படைப்பாளர் கேட்டால் மறுக்காதீர்கள். தாமதம் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்துதான் நேர்கிறது.

எதிர்பார்த்த பார்வைகள் வரவில்லை என்றால் மீதித் தொகையை நிறுத்தி வைக்கலாமா?

ஒப்பந்தத்தில் பார்வை எண்ணிக்கை வாக்குறுதியாக இல்லாதபோது நிறுத்த முடியாது. அதை வாக்குறுதியாகக் கேட்பதும் சரியல்ல. ரீலை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது செயலி. அவரிடம் வாங்கியது வேலையை. அது குறித்த நாளில், குறித்த வடிவில் வந்துவிட்டால் 9,000 ரூபாய் ஏழு நாட்களுக்குள் போயாக வேண்டும். வேலையே வரவில்லை, தாமதமாக வந்தது, அறிவிப்பு இல்லாமல் வெளியானது, ஒரு மாதத்தில் நீக்கப்பட்டது என்றால் விஷயம் வேறு. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதலாம். எடுத்துக்காட்டாக, 12 மாதங்களுக்கு முன்பே நீக்கினால் மீண்டும் பதிவிட வேண்டும், இல்லையேல் 12,000 ரூபாயில் எஞ்சிய மாதங்களுக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும்.

விற்பனையோடு இணைக்க விரும்பினால், அவருக்கென்று ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்து, அதில் வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சிறு தொகையை நிலையான கட்டணத்துக்கு மேல் கூடுதலாகத் தரலாம். கட்டணத்துக்குப் பதிலாக அதை வைத்தால் நல்ல படைப்பாளர்கள் வரமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் "சரி" என்று சொல்லிவிட்டார். அது போதுமா, கையெழுத்து வேண்டுமா?

வேலையையும் தொகையையும் பொறுத்தவரை, மின்னணு வழியில் செய்துகொண்ட உடன்பாடு செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் எதற்குச் "சரி" என்றார் என்பது பிறகு தெரிய வேண்டும். பத்துக் குரல் செய்திகளுக்கும் நான்கு ஸ்டிக்கர்களுக்கும் நடுவில் வந்த "சரி" எதை ஒப்புக்கொள்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. பயன்பாட்டு அனுமதிக்கு எழுத்து வடிவம் தேவை என்பதால், இறுதியாக ஒத்துக்கொண்ட வடிவத்தை ஒரே மின்னஞ்சலில் முழுமையாக எழுதி, "இவ்விவரங்களை ஏற்கிறேன்" என்று அவர் பெயருடன் பதில் வாங்குவது குறைந்தபட்சம். பதிப்புரிமையையே வாங்குவதாக இருந்தால் கையெழுத்திட்ட ஆவணம் கட்டாயம்.

அதே மின்னஞ்சலில் அவருடைய பான் எண்ணையும், ஜிஎஸ்டி பதிவு உண்டா என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு உள்ளவர் என்றால் 18,000 ரூபாய்க்கு மேல் 18 விழுக்காடு வரி சேர்ந்து 21,240 ரூபாய் ஆகும். தொகை வரிக்கு முன்பா, வரியும் உட்படவா என்பதை முன்மொழிவில் எழுதாமல் விட்டால், அந்த 3,240 ரூபாய் யாருடையது என்ற பேச்சு கடைசி நாளில் எழும். மூலத்தில் வரி பிடிக்க வேண்டுமா என்பது நம் நிறுவனத்தின் வகையையும் விற்றுமுதலையும் அவருக்கு அந்த ஆண்டில் கொடுத்த மொத்தத்தையும் பொறுத்தது. முன்பணம் அனுப்புவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டு, பிடிப்பதாக இருந்தால் கையில் சேரும் தொகை எவ்வளவு என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.